தபால்காரர் தினமும் போகிறார், ஜிம்மி தினமும் ஜெயிக்கிறான்

சரவணன், ஜெலுத்தோங்

பினாங்கில் நாய் வளர்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் நிறுத்தும் இடம், அதற்கு இரும்புக் கேட், கேட்டுத் தூணில் தபால் பெட்டி. ஜிம்மி நாட்டு நாய்க் கலப்பு, நான்கு வயது. தபால்காரர் மூன்று ஆண்டுகளாக ஒரே ஆள்தான். காலை 11.20 வாக்கில் வருவார். நான்கு வீடு தள்ளி அவர் மோட்டார் நிற்கும்போதே ஜிம்மியின் காது எழும். எங்கள் கேட்டுக்கு அவர் வருவதற்குள் முன்னங்கால் இரண்டும் கம்பியில் இருக்கும். தொண்டை கிழியக் குரைப்பான். மனிதர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார். ஜிம்மி உடம்பை ஒரு உதறு உதறி, தூணில் ஒரு சொட்டு விட்டு, காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். ஏதோ ஊரைக் காத்துவிட்டு வந்த படைத்தளபதியின் தோரணை.

என் சந்தேகம் இதுதான். பக்கத்து வீட்டைப் போன ஆண்டு இடித்துக் கட்டினார்கள். அந்தத் துளைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு முதல் நாள் குரைத்தான், நான்காம் நாள் தூங்கினான். அத்தனை பெரிய இரைச்சலுக்குப் பழகியவன், ஒரு தீங்கும் செய்யாத இந்த மனிதருக்கு மட்டும் ஏன் மூன்று ஆண்டாகியும் பழகவில்லை?

ராஜன்67

சிவப்புதான் காரணம். மோட்டாரில் சிவப்பு, பையில் சிவப்பு. சிவப்பைக் கண்டால் விலங்குகளுக்கு வெறி வரும். அதோடு தெருவில் உள்ள எல்லா நாய்களின் வாடையும் அவர் கால்சட்டையில் ஒட்டியிருக்கும். மணியடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் கதைதான், வேறொன்றுமில்லை. தபால்காரரிடம் பிஸ்கட் கொடுத்து வையுங்கள். வரும்போதெல்லாம் ஒன்று போடட்டும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

கமலா

எங்கள் வட்டாரத்திலும் இதே பிரச்சினைதான். நாய்க்குப் பயந்து கடிதத்தைக் கேட்டுக்கு வெளியே எறிந்துவிட்டுப் போகிறார். போன வாரம் மழையில் என் காப்புறுதிக் கடிதம் கூழாகிவிட்டது. இதை யாரிடம் புகார் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வனஜா, செபராங் பிறை

கமலா அக்கா, சரவணன் கேட்டது வேறு. ஆனால் உங்கள் கூழான கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, பிறகு வருகிறேன்.

ராஜன் அண்ணன் சொன்ன சிவப்பு சரியல்ல. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கலான பழுப்பு போலத்தான் தெரியும். சரவணன் எழுதியதையே பாருங்கள். மோட்டார் நான்கு வீடு தள்ளி நிற்கும்போதே ஜிம்மி எழுந்துவிடுகிறான். நிறத்தைப் பார்க்கும் முன்பே சத்தத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டான். அந்தச் சத்தம் அவனுக்கு ஒரு முன்னறிவிப்பாகிவிட்டது. அந்த அளவில் பாவ்லோவ் சரி. ஆனால் குரைப்பு ஏன் ஓயவில்லை என்பதற்கு அது பதிலாகாது. பாவ்லோவ் மணியடித்துவிட்டுத் தீனியே போடாமல் விட்டுக்கொண்டிருந்தபோது நாய்க்கு எச்சில் ஊறுவதும் நின்றுபோனது. தபால்காரர் மூன்று ஆண்டாக ஒரு கெடுதலும் செய்யவில்லை. அந்தக் கணக்கில் ஜிம்மியின் ஆத்திரமும் எப்போதோ வற்றியிருக்க வேண்டும்.

துளைக்கும் இயந்திரத்தையும் தபால்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயந்திரம் ஓடியபோது ஜிம்மி குரைத்தான், அது நிற்கவில்லை. குரைக்காமல் படுத்தான், அப்போதும் நிற்கவில்லை, அவனுக்கு ஒன்றும் ஆகவுமில்லை. இரண்டையும் செய்து பார்த்துவிட்டதால் குரைப்பது வீண் வேலை என்று தெரிந்துகொண்டான். தபால்காரர் வரும்போது அவன் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறான். வந்தார், குரைத்தேன், போனார். மூன்று ஆண்டுகளில் ஒரு தடவைகூட இது பொய்க்கவில்லை. குரைக்காவிட்டாலும் அவர் போயிருப்பார், அடுத்த தெருவிலும் கடிதம் இருக்கிறது. நமக்குத் தெரியும். ஜிம்மிக்கு அது தெரிய வேண்டுமானால், ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் இன்னும் வரவில்லை.

1953இல் ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களை வைத்து இதையே பெட்டிக்குள் செய்து பார்த்தார்கள். கொடுமையான சோதனைதான். நடுவில் தடுப்பு வைத்த பெட்டி. விளக்கு அணைந்து 10 வினாடியில் தரையில் மின்னதிர்ச்சி வரும். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். சில தடவையிலேயே நாய்கள் விளக்கு அணைந்ததும் குதிக்கக் கற்றுக்கொண்டன. அதன் பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். நாய்களோ நூற்றுக்கணக்கான தடவை குதித்துக்கொண்டே இருந்தன. பத்து வினாடிக்குள் குதித்துவிடும் நாய்க்கு, தான் விட்டுவந்த பக்கத்தில் இப்போது மின்சாரம் இல்லை என்பது எப்படித் தெரியும்? நடுவே கண்ணாடியை வைத்துக் குதிக்கவே முடியாமல் செய்தபோதுதான் சில நாய்களாவது அந்தப் பழக்கத்தை விட்டன. எல்லாம் விடவில்லை, சிலதான்.

தேவி, பாயான் லெப்பாஸ்

வனஜா அக்கா சொல்வது எங்கள் வீட்டில் பொருந்தவில்லையே. எங்களுக்கு மாலையில் ரொட்டிக்காரர் மோட்டாரில் வருவார். ஹாரன் அடிப்பார், கேட்டில் நிற்பார், போய்விடுவார். அவரும்தான் தினமும் போகிறார். எங்கள் பிரௌனி அவரைப் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு முனகுவாள். தபால்காரர் வந்தால் பேய் பிடித்தது போல் ஆடுவாள். இரண்டும் மோட்டார்தான், இரண்டும் அதே கேட்டுதான்.

வனஜா, செபராங் பிறை

தேவி, பிரௌனிக்கு அந்த ரொட்டியில் ஒரு துண்டு கிடைக்கிறதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள்.

தேவி, பாயான் லெப்பாஸ்

பன்னின் ஓரம். தினமும்.

வனஜா, செபராங் பிறை

சரிதான். ஒருவர் போவது பரிசாக வேண்டுமானால், முதலில் அவர் போக வேண்டும் என்று நாய்க்குத் தோன்ற வேண்டும். ரொட்டிக்காரர் போவது பிரௌனிக்கு நஷ்டம். அதனால் அவர் போவது எந்தக் குரைப்பையும் வளர்க்கவில்லை. தபால்காரர் மீது முதலில் கொஞ்சம் பயமோ, என் இடத்துக்குள் யாரோ வருகிறார் என்ற எண்ணமோ இருந்திருக்கும். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே தொடங்கியிருக்காது.

முகிலன், ஆயர் ஈத்தாம்

நான் உளவியல் மாணவன். இது அப்படியே அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் மூடநம்பிக்கைப் புறாக்கள் அல்லவா? 1948இல் வந்த கட்டுரை. பசித்த புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 வினாடிக்கு ஒருமுறை தீனி கொடுத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தங்களுக்கென்று ஒரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று தலையை மூலையில் இடித்தது, ஒன்று ஊசல் போல் ஆடியது. தீனி வந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்ததோ அதையே பிடித்துக்கொண்டது. ஜிம்மியின் குரைப்பும் அப்படி ஒரு தற்செயல்தான். எங்கள் பாட்டி மழை நிற்க அரிவாள்மணையைத் திருப்பிப் போடுவார். மழை ஒருநாளும் பாட்டியை ஏமாற்றியதில்லை!

வனஜா, செபராங் பிறை

பாட்டி கதை அருமை. ஆனால் 'தற்செயல்' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1971இல் ஸ்டாடன், சிமல்ஹாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே புறாச் சோதனையை வினாடி வினாடியாகக் கவனித்துச் செய்தார்கள். தீனி வரும் நேரம் நெருங்கும்போது ஏறக்குறைய எல்லாப் புறாக்களுமே கொத்தின. கொத்துவது தீனியை எதிர்பார்க்கும் புறாவின் இயல்பு. ஒவ்வொன்றும் தனித்தனிச் சடங்கைக் கண்டுபிடித்தது என்று சொல்வதற்கு அங்கே இடம் குறைவு.

நாயும் அப்படித்தான். அந்நியர் வேலியோரம் வந்தால் குரைப்பது தற்செயல் அல்ல, நாயின் இயல்பு. தற்செயல் என்றால் பினாங்கில் ஒரு நாயாவது தபால்காரரைக் கண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அதனால்தான் அவர் போனார் என்று நினைக்க வேண்டுமே! குரைப்பு நாய்க்குள்ளேயே இருந்தது. தபால்காரர் போவது அதை உண்டாக்கவில்லை, வற்றாமல் காப்பாற்றுகிறது.

முகிலன், ஆயர் ஈத்தாம்

அப்படியானால் 'நான்தான் துரத்தினேன்' என்று ஜிம்மி நினைக்கிறானா, நினைக்கவில்லையா?

வனஜா, செபராங் பிறை

அவன் எதை நினைக்கிறான் என்று என்னால் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் முன்னதாகத் தொடங்குகிறானா, வலுவாகக் குரைக்கிறானா என்பதைத்தான் பார்க்க முடியும். தோரணை என்று சரவணன் எழுதிய அந்த உதறல்கூடப் பதற்றம் தணியும்போது நாய் செய்வதுதான். வெற்றிக் கொண்டாட்டம் அல்ல.

முகிலன், ஆயர் ஈத்தாம்

இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன், அக்கா. விளைவை எதிர்பார்த்து ஒன்றைச் செய்வதற்கும் நினைப்பதற்கும் எங்கே கோடு போடுவீர்கள்?

ஓய்வுபெற்றவன்

நான் 28 ஆண்டுகள் தபால் போட்டவன். பினாங்குத் தீவில் பாதி நாய்களுக்கு என்னைத் தெரியும். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

சாதாரணக் கடிதத்துக்கு ஒரு வீட்டில் ஐந்தாறு வினாடிகூட நிற்க மாட்டோம். மோட்டாரை அணைக்கவும் மாட்டோம். நாய் உச்சத்தில் இருக்கும்போதே கிளம்பிவிடுவோம். ஆனால் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் குளியலறையில் இருப்பார், நான் இரண்டு நிமிடம் நிற்பேன். முதல் அரை நிமிடம் காது கிழியும். பிறகு குரைப்புக்கு நடுவே இடைவெளி விழும். நாய் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். தரையை முகரும். சில நாய்கள் உட்கார்ந்தேவிடும். என்ன செய்வதென்று தெரியாத முகம் அது, பார்த்தால் பாவமாக இருக்கும். கையெழுத்து முடிந்து நான் மோட்டாரைத் திருப்பினேனோ இல்லையோ, மறுபடி சிங்கம். என் முதுகைக் கண்டால்தான் வீரம். என் பணிக்காலத்தில் இரண்டு தடவை கடிபட்டேன், இரண்டும் நான் திரும்பிப் போகும்போதுதான், கெண்டைக்காலில்.

பிஸ்கட் விஷயம். ராஜன் சார், நானும் செய்து பார்த்தவன்தான். ஒரு வீட்டில், நீ நாய்க்கு விஷம் வைக்கிறாயா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் நாய் பிஸ்கட்டுக்காகக் கேட்டுக்கு வெகு அருகில் வந்தது. தின்று முடித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தது. என் கை அதன் மூக்குக்கு நேரே இருந்தது. அன்றோடு பிஸ்கட்டை விட்டேன்.

வனஜா, செபராங் பிறை

ஐயா, நான் பத்து வரி எழுதிச் சொல்ல முயன்றதை நீங்கள் ஒரு பதிவுத் தபாலில் சொல்லிவிட்டீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் நாய் முதல் தடவையாகத் தன் கணக்கு தப்புவதைப் பார்க்கிறது. குரைத்தேன், போகவில்லையே! அந்த இடைவெளியும் முகர்தலும் அதனால்தான். ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஓய்ந்த நாய் மறுபடி ஒரு தடவை குரைக்கும் நேரம் பார்த்து நீங்கள் கிளம்பினால், இரண்டு நிமிடம் விடாமல் குரைத்தால்தான் போவார் என்று அது கற்றுக்கொள்ளும். பாதிப் பாடம் சில சமயம் முழு அறியாமையைவிட மோசம்.

பிஸ்கட் பற்றியும் நீங்கள் சொன்னதுதான் சரி. பயந்த நாயைத் தீனி காட்டி, அது விரும்பாத அளவுக்கு அருகே இழுத்துவிடுகிறோம். தீனி தீர்ந்ததும் பயம் திரும்பும், ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். தீனி வீட்டுக்காரர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

சரவணன், ஜெலுத்தோங்

ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு முன்வாசல் கேமராவில் பத்து நாள் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். தபால்காரர் நிற்பது நான்கிலிருந்து ஏழு வினாடி. ஜிம்மியின் முதல் குரைப்பு அவர் கேட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய இருபது வினாடி முன்பே வருகிறது. இரண்டு நாள் எங்களுக்குத் தபாலே இல்லை, அவர் நிற்காமல் தாண்டிப் போனார். அந்த இரண்டு நாளும் ஜிம்மி முன்பே குரைத்திருந்தான். அவன் கணக்கில் அவை வாசலிலேயே நிற்கவிடாமல் விரட்டிய பெரிய வெற்றிகள்! சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

நாங்களும் உள்ளேயிருந்து "ஜிம்மி, சும்மா இரு" என்று கத்துகிறோம். அதுவும் பதிவில் கேட்கிறது. என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

வனஜா, செபராங் பிறை

முதலில் கத்துவதை நிறுத்துங்கள். அவன் குரைக்கும்போது நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் ஆகும். அல்லது தபால்காரர் வந்தால் வீட்டில் திட்டு விழும் என்று இன்னொரு கெட்ட முன்னறிவிப்பு சேரும்.

அடுத்தது, அவன் இனி ஒரு வெற்றிகூடச் சேர்க்கக் கூடாது. 11 மணிக்கே பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துங்கள், வானொலியைப் போட்டுவிடுங்கள். கேட்டின் கீழ்ப்பாதிக்கு மறைப்புக் கட்டுங்கள். தபால் பெட்டியை வெளிச்சுவரில் தள்ளி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கமலா அக்கா, உங்கள் கடிதத்துக்கும் இதுதான் மருந்து. பெட்டி கேட்டிலிருந்து விலகி இருந்தால் அவர் எறிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் சரவணன், மறைத்து வைத்தால் பழக்கம் வளராது, அவ்வளவுதான். மறையாது. ஜிம்மி இல்லாதபோதும் தபால்காரர் போய்விடுகிறார் என்பதை அவன் அங்கே இருந்து பார்ப்பதில்லையே.

ஒரு வாரம் கழித்து அந்த மோட்டார் சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து, அவன் காதை மட்டும் அசைக்கும் அளவுக்கு மெல்ல ஒலிக்க விடுங்கள். சத்தம் தொடங்கிய பிறகு அவித்த கோழித் துண்டு, கடலை அளவுக்கு, ஒன்றன்பின் ஒன்றாக. சத்தம் நின்றதும் கோழியும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய பிறகு, உண்மையான தபால்காரர் வரும் நேரத்தில் பின்கட்டிலிருந்தே செய்யுங்கள். அதன் பிறகுதான் வார்பிடித்து முன்பக்கம், கேட்டிலிருந்து நன்றாகத் தள்ளி. கோழியைத் தின்ன மறுத்தால் அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைக்காதீர்கள். தூரம் போதவில்லை, பின்னால் வாருங்கள்.

ராஜன்67

ஒரு நாய்க்கு இவ்வளவு பாடா? எங்கள் காலத்தில் ஒரு அதட்டு போதும்.

ஓய்வுபெற்றவன்

உங்கள் காலத்தில் உங்கள் தெருவுக்கு நான்தான் தபால் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன், ராஜன் சார். போதவில்லை.

சரவணன், ஜெலுத்தோங் (ஆறு வாரம் கழித்து)

இழையை மறக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் கெட்டது. பகலில் நான் வேலைக்குப் போய்விடுவதால் அம்மாதான் கோழி கொடுத்தார். மோட்டார் வரட்டும் என்று காத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பசிக்கும் என்று 11.10க்கே கோழி டப்பாவைத் திறந்து ஊட்டத் தொடங்கிவிட்டார். நான்கைந்து நாளில் ஜிம்மி டப்பா திறக்கும் சத்தம் கேட்டதும் கோழியைப் பார்க்காமல் கேட்டுப் பக்கம் திரும்பி விறைத்து நிற்க ஆரம்பித்தான். வனஜா அக்காவிடம் கேட்டபோதுதான் விளங்கியது. கோழி வந்தால் அடுத்து அந்த ஆள் வருவார் என்று அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். நல்ல கோழியையே கெட்ட சகுனமாக்கிவிட்டோம். டப்பாவை மாற்றி, ஒலிப்பதிவிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

ஐந்தாம் வாரம் ஒரு வியாழக்கிழமை விடுப்பில் இருந்தேன். ஜிம்மி என் காலருகே முன்கூடத்தில் படுத்திருந்தான். நான்கு வீடு தள்ளி மோட்டார் நின்றது. காது எழுந்தது. தலை கேட்டுப் பக்கம் போகவில்லை, என் முகத்துக்குத் திரும்பியது. எங்கே என் கோழி என்ற கேள்வி அதில் இருந்தது. அந்தத் தலை திரும்பியதை இன்னும் நான்கு பேரிடமாவது சொல்லாமல் விடமாட்டேன்.

ஆனால் முழுவதும் தீரவில்லை. போன திங்களன்று தபால்காரருக்குப் பதிலாக வேறொரு இளைஞர் வந்தார், வேறு மோட்டார். ஜிம்மி பழையபடி கேட்டில் ஏறினான். இளைஞர் கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். ஜிம்மி உதறினான், தூணுக்குப் போனான்.

வனஜா, செபராங் பிறை

எதிர்பார்த்ததுதான். அவன் கற்றது அந்த மோட்டாரை, தபால்காரர் என்ற ஜாதியை அல்ல. இளைஞரின் மோட்டாரையும் பதிவு செய்யுங்கள். இந்தத் தடவை விரைவாக முடியும். அம்மாவிடம் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

முகிலன், ஆயர் ஈத்தாம்

ஓடிவிட்டார் என்கிறீர்களே, அண்ணன். அவர் உண்மையிலேயே ஜிம்மிக்குப் பயந்து ஓடியிருந்தால், அன்று ஜிம்மி நினைத்தது சரிதானே? குரைக்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வினாடி நின்றிருப்பார்.

சரவணன், ஜெலுத்தோங்

கேமராவில் மூன்று தடவை பார்த்துவிட்டேன், தம்பி. நான்கு வினாடி நின்றார். பழையவரும் நான்கு வினாடி நின்ற நாள்கள் உண்டு. பயந்தாரா, அவசரமா, தெரியவில்லை.

கமலா

நான் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டேன். இப்போது கடிதம் நனையவில்லை. ஆனால் பழைய கடிதத்துக்கு யாரிடம் புகார் செய்வதென்று இன்னும் யாரும் சொல்லவில்லை.